குருத்து வர வேண்டிய பாட்டிலில் வேர் வந்தது ஏன்?

இருபத்து நாலு பாட்டில். நாலாவது வார முடிவில் கல்ச்சர் ரூம் கதவைத் திறந்து ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் ஒன்றில்கூடக் குருத்து இல்லை. குருத்து வந்தே தீரும் என்று மாணவர்களிடம் சொல்லி வைத்திருந்த எட்டு பாட்டிலில் ஆறில், உருவம் பிடிக்காத செல் கட்டியான கேலஸைப் பொத்துக்கொண்டு வெள்ளை வெள்ளையாக வேர். பூஞ்சையோ என்று முதலில் பயந்தேன். கிட்டப் பார்த்தால் நுனி கூராக, அதற்குச் சற்றுப் பின்னால் மெல்லிய தூவிகளோடு, சந்தேகமில்லாமல் வேர்தான். இரண்டு மூன்று வேர்கள் ஜெல்லுக்குள் இறங்காமல் காற்றில் மேல்நோக்கியே போயிருந்தன.

இது ஒரு கல்லூரி ஆய்வகத்தில் முதுகலை மாணவர்களுக்காக நான் நடத்திய பிராக்டிகல். புகையிலைத் தண்டைக் குறுக்கே வெட்டினால் நடுவில் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி ஒரு பகுதி இருக்குமே, பித் என்போம், அதை எடுத்துக் கேலஸாக வளர்த்து, அந்தக் கேலஸைக் கடலைப்பருப்பு அளவுக்குத் துண்டு போட்டு மூன்று வகை மீடியத்தில், அதாவது ஊட்டச்சத்து ஜெல்லில், வைத்தோம். மூன்றிலும் ஆக்சின் என்ற தாவர ஹார்மோன் ஒரே அளவு, அந்த வகையில் ஐ.ஏ.ஏ. லிட்டருக்கு 2 மி.கி. சைட்டோகைனின் என்ற இன்னொரு ஹார்மோன் மட்டும் மாறும்: முதல் செட்டில் அந்த வகையைச் சேர்ந்த கைனெட்டின் 0.02 மி.கி., இரண்டாவதில் 0.2, மூன்றாவதில் 1. முதல் செட்டில் வேர், இரண்டாவதில் வெறும் கேலஸ், மூன்றாவதில் குருத்து என்று வர வேண்டும். உலகம் முழுக்க எத்தனையோ வகுப்பறைகளில் இப்படித்தான் வருகிறது. எங்களுக்கு வந்தது வேறு. மூன்றாவது செட்டில் வேர். இரண்டாவதில் கேலஸ் கொஞ்சம் பெருத்து, இங்கொன்றும் அங்கொன்றுமாக மெலிந்த வேர். முதல் செட்டில் துண்டுகள் பழுப்பேறி உட்கார்ந்திருந்தன, ஒன்றிரண்டில் வேர் முனை மாதிரி ஏதோ தெரிந்தது, அவ்வளவுதான்.

காரணத்தைத் தேடுவதற்கு முன்னால் இந்த மூன்று எண்கள் எங்கிருந்து வந்தன என்று சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் விடையும் அங்கேதான் இருந்தது.

அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகம், மேடிசன். சுவீடனில் பிறந்த ஃபோக் ஸ்கூக் அங்கே புகையிலைத் திசுவை வைத்து வேலை செய்துகொண்டிருந்தார். 1948இல் அவரும் சுய் என்பவரும் சேர்ந்து ஒன்றைக் கவனித்திருந்தார்கள்: புகையிலைத் திசுவுக்கு டி.என்.ஏ.வின் ஒரு கூறான அடினின் கொடுத்தால் மொட்டுகள் கிளம்புகின்றன, கூடவே ஆக்சினைக் கூட்டினால் அந்த மொட்டுகள் அடங்கிவிடுகின்றன. ஒன்று தூக்கிவிடுகிறது, இன்னொன்று இழுத்துப் பிடிக்கிறது என்ற எண்ணம் அப்போதே வந்துவிட்டது. ஆனால் அடினினை மிக அதிகமாகக் கொட்ட வேண்டியிருந்தது, அதனால் உண்மையான ஆள் வேறு யாரோ என்ற சந்தேகமும் இருந்தது. பித் திசுவுக்கு ஆக்சின் மட்டும் கொடுத்தால் செல்கள் ஊதிப் பெரிதாகின்றன, பிரிவதில்லை. ஈஸ்ட் சாறோ இளநீரோ சேர்த்தால் பிரிகின்றன. அந்தச் சாற்றில் இருப்பது என்ன?

விடை ஒரு பழைய பாட்டிலிலிருந்து வந்தது. ஹெர்ரிங் மீனின் விந்தணுவிலிருந்து எடுத்த டி.என்.ஏ., அலமாரியில் நெடுநாள் கிடந்தது, அதை கார்லோஸ் மில்லர் சோதித்தபோது செல் பிரிவு அமோகமாக நடந்தது. புது டி.என்.ஏ. வாங்கிப் போட்டால் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு புதியதையே ஆட்டோகிளேவில், அதாவது அழுத்த நீராவியில், வேகவைத்துப் போட்டார்கள், வேலை செய்தது! டி.என்.ஏ. சிதைந்து உருவான பொருள் அது. 1955இல் பிரித்தெடுத்துக் கைனெட்டின் என்று பெயர் வைத்தார்கள். சைட்டோகைனின் என்ற வகைக்கே அதுதான் முதல் உறுப்பினர். (பழைய ஸ்டாக்கைக் கொட்டிவிடாமல் வைத்திருந்ததால் ஒரு பெரிய கண்டுபிடிப்பு, எங்கள் கதையில் பழைய ஸ்டாக்கினால்தான் தலைவலி. அது பின்னால்.)

1957இல் ஸ்கூக்கும் மில்லரும் வெளியிட்ட கட்டுரையில்தான் அந்தப் புகழ்பெற்ற படம் வருகிறது. விஸ்கான்சின் 38 என்ற புகையிலை ரகத்தின் பித் திசு, வரிசை வரிசையாகக் குடுவைகள், ஒரு பக்கம் ஐ.ஏ.ஏ. ஏறுகிறது, மறு பக்கம் கைனெட்டின் ஏறுகிறது. இரண்டும் நடுத்தரமாக இருக்கும் இடத்தில் கேலஸ் வெறுமனே பெருக்கிறது. ஆக்சினை அப்படியே விட்டு கைனெட்டினைக் குறைத்தால் வேர். கூட்டினால் இலையோடு குருத்து. வேர் ஹார்மோன் என்று தனியாக ஒன்று, தண்டு ஹார்மோன் என்று தனியாக ஒன்று இருக்க வேண்டும் என்று நினைத்திருந்த காலத்தில், இருக்கிற இரண்டே பொருளின் விகிதம் போதும் என்று காட்டியதுதான் அந்தக் கட்டுரையின் சாரம்.

இதில் பலரும் தப்பாகப் புரிந்துகொள்ளும் ஒன்று உண்டு. 'சைட்டோகைனின் அதிகம் என்றால் குருத்து' என்று நோட்ஸில் எழுதுகிறோம், உடனே மாணவர்கள் ஆக்சினை விட சைட்டோகைனின் அதிகமாக இருக்க வேண்டும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். எங்கள் மூன்றாவது செட்டைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐ.ஏ.ஏ. 2 மி.கி., மூலக்கூறு எடை சுமார் 175, ஆக 11.4 மைக்ரோமோலார். கைனெட்டின் 1 மி.கி., எடை சுமார் 215, ஆக 4.65 மைக்ரோமோலார். குருத்து வர வேண்டிய மீடியத்திலேயே இரண்டரை ஆக்சின் மூலக்கூறுக்கு ஒரு கைனெட்டின் மூலக்கூறுதான் இருக்கிறது! வேர் மீடியத்தில் அதே கணக்கு 120க்கு ஒன்று என்று போகும். அதாவது ஒன்றுக்கு ஒன்று என்பது எல்லைக்கோடு இல்லை. எல்லைக்கோடு எங்கே என்பதை அந்தத் திசுதான் சொல்லும், நாம் ஊற்றியதில் எவ்வளவு அதன் செல்லுக்குள் போய்ச் சேர்ந்து எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதைப் பொறுத்து. ஐ.ஏ.ஏ. வெளிச்சத்தில் சிதையும், ஆட்டோகிளேவில் கொஞ்சம் போகும், செல்லே அதை வேறொன்றோடு கட்டிப்போட்டுச் செயலிழக்க வைக்கும். அதனால் நாலாவது நாள் பாட்டிலில் இருக்கும் விகிதம் நாம் லேபிளில் எழுதிய விகிதம் இல்லவே இல்லை.

சரி, எங்கள் பாட்டிலுக்கு வருவோம்.

முதலில் எல்லோருக்கும் தோன்றியது லேபிள் மாறிப்போயிருக்கும் என்பதுதான். முதல் செட்டும் மூன்றாவது செட்டும் இடம் மாறியிருந்தால் மூன்றாவதில் வேர் வந்தது சரி, அப்போது முதல் செட்டில் குருத்து வந்திருக்க வேண்டுமே? எந்தச் செட்டிலும் குருத்து இல்லை. ஆக அது இல்லை.

அடுத்து, ஐ.ஏ.ஏ. கெட்டுப்போயிருக்கும் என்று ஒரு மாணவி சொன்னார். வழக்கமாகக் கெட்டுப்போவது அதுதான், சந்தேகம் நியாயமானது. ஆனால் ஆக்சின் குறைந்தால் விகிதம் சைட்டோகைனின் பக்கம் சாயும், கேலஸ் வர வேண்டிய இடத்தில்கூடக் குருத்து எட்டிப்பார்த்திருக்கும். எங்களுக்கு நடந்தது நேர் எதிர். மூன்று செட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் உறைத்தது: மூன்றாவது செட் முதல் செட் மாதிரி நடந்துகொள்கிறது, இரண்டாவது அதற்கும் கீழே போயிருக்கிறது, முதல் செட் கைனெட்டினே இல்லாத மீடியம் மாதிரி ஆகிவிட்டது. அட்டவணை முழுதும் ஒரே பக்கமாக, ஒரே அளவுக்கு நகர்ந்திருக்கிறது. ஒரு செட்டில் மட்டும் பிப்பெட் தவறியிருந்தால் இப்படி வராது. மூன்றுக்கும் பொதுவாக முன்கூட்டியே அடர்த்தியாகக் கரைத்து வைத்திருந்த கைனெட்டின் ஸ்டாக்கில்தான் கோளாறு.

ஃப்ரிட்ஜிலிருந்து அந்தப் பாட்டிலை எடுத்து விளக்குக்கு நேராகப் பிடித்தேன். மேலே தண்ணீர் மாதிரித் தெளிவு. அடியில், கண்ணாடி வளையும் இடத்தில், சுண்ணாம்பு படிந்தது போல வெள்ளை வளையம்.

"சார், அது எப்பவுமே அப்படித்தான் இருக்கும். அடியில இருக்கற அழுக்கு கலந்துடக் கூடாதுன்னு மேலாக எடுத்தோம்" என்றார் ஸ்டாக் போட்ட மாணவர். பாவம், கவனமாகத்தான் செய்திருக்கிறார். அந்த அழுக்குதான் கைனெட்டின்.

ஏன் படிந்தது என்பது அவருடைய நோட்டிலேயே இருந்தது. கைனெட்டின் தண்ணீரில் லேசில் கரையாது. ஒரு மி.லி.க்கு ஒரு மி.கி. என்ற அளவில் ஸ்டாக் வேண்டுமென்றால் முதலில் சில துளி சோடியம் ஹைட்ராக்சைடில் கரைத்து, முழுக்கத் தெளிந்த பிறகு தண்ணீர் விட்டு அளவைக் கூட்ட வேண்டும். அதுவரை சரியாகத்தான் செய்திருக்கிறார். அப்புறம் ஒரு வரி: 'பி.எச். 5.8க்கு சரிசெய்யப்பட்டது.' மீடியத்துக்குச் சொன்ன பி.எச்.சை ஸ்டாக்குக்குச் செய்திருக்கிறார். ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டதும் காரம் போய்விட்டது, காரத்தால் கரைந்து நின்ற கைனெட்டின் மெல்ல மெல்லப் படிகமாகி, ஃப்ரிட்ஜின் குளிரில் இன்னும் வேகமாக, அடியில் உட்கார்ந்துவிட்டது. அன்றைக்கே கலங்கியிருந்தால் கண்ணில் பட்டிருக்கும். சில நாள் கழித்துப் படிந்ததால் யாரும் கவனிக்கவில்லை. கேலஸ் வளர்த்த மீடியம் இதற்கு முந்தைய ஸ்டாக்கில் போட்டது, அதனால் அந்தக் கட்டம் வரை எல்லாம் ஒழுங்காக நடந்திருக்கிறது.

ஊகம் சரியா என்று பார்க்க நாலு செட் போட்டோம். எல்லாவற்றிலும் ஐ.ஏ.ஏ. அதே 2 மி.கி. ஒன்றில் கைனெட்டினே இல்லை. இன்னொன்றில் பழைய ஸ்டாக்கின் தெளிந்த நீர் லிட்டருக்கு 1 மி.லி., முன்பு செய்தது போலவே. மூன்றாவதில் அதே தெளிந்த நீர் 15 மி.லி. நாலாவதில் புதிதாகப் போட்ட ஸ்டாக் 1 மி.லி. இந்த மூன்றாவது செட்தான் முக்கியமானது. கைனெட்டின் கெட்டுப்போய் வேறு ஏதோ ஆகியிருந்தால் பதினைந்து மடங்கு ஊற்றினாலும் குருத்து வராது. வெறுமனே குறைந்துதான் போயிருக்கிறது என்றால் வர வேண்டும்.

புது ஸ்டாக் செட்டில் மூன்றாவது வாரத்தில் கேலஸின் மேல் பச்சைப் புள்ளிகள் தெரிய ஆரம்பித்தன. முதலில் பாசி பிடித்தது போல ஒரு பச்சைத் திட்டு, பிறகு அதில் கடுகு அளவுக்கு வழவழப்பான மேடு, அதன் ஓரத்தில் மடிந்த சின்ன இலை. 15 மி.லி. செட்டிலும் அதே காட்சி, சில நாள் தாமதமாக. பழைய அளவு 1 மி.லி. ஊற்றியதில் மறுபடியும் வேர். அதோடு விசாரணை முடிந்தது.

விசாரணை முடிந்தாலும் ஒரு மாணவர் விடவில்லை. "கைனெட்டின் குறைஞ்சா ஒண்ணுமே வராமப் போகலாமே சார், ஏன் வேர் வருது?" நல்ல கேள்வி. கேலஸ் என்பது எந்தப் பக்கமும் சாயாத வெறும் செல் குவியல் என்று வைத்துக்கொண்டால் இதற்குப் பதில் கிடையாது. நாமும் அப்படித்தான் படித்தோம், அப்படித்தான் சொல்லிக்கொடுத்தோம். 2010இல் கால்டெக்கில் மேயரோவிட்ஸின் குழுவிலிருந்து சுகிமோட்டோ முதலானோர் அராபிடாப்சிஸ் என்ற ஆய்வுக்கூடச் செடியில் பார்த்துச் சொன்னது வேறு: கேலஸ் உருவாகும் வழியே பக்கவேர் உருவாகும் வழிதான். வேரிலிருந்து எடுத்த கேலஸ் மட்டும் இல்லை, வித்திலையிலிருந்தும் பூவிதழிலிருந்தும் எடுத்த கேலஸில்கூட வேர் நுனிக்கு உரிய மரபணுக்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. பக்கவேர் போட முடியாத ஒரு பிறழ்வுச் செடியில் கேலஸும் சரியாக வருவதில்லை. அப்படியென்றால் கேலஸ் நடுவில் நிற்கவில்லை, வேர் பக்கம் ஏற்கெனவே ஒரு கால் வைத்துவிட்டுத்தான் நிற்கிறது. ஆக்சின் இருக்கிறது, சைட்டோகைனின் போதவில்லை என்றால் அது இயல்பாகப் போகும் பாதை வேர்தான். குருத்து வர வேண்டுமென்றால்தான் யாராவது பிடித்துத் திருப்ப வேண்டும்.

திருப்புவது எப்படி என்பதும் ஓரளவு தெரிந்துவிட்டது, அதுவும் அராபிடாப்சிஸில்தான். சைட்டோகைனின் கூடினால் அதன் செய்தியைச் செல்லின் உட்கருவுக்குள் கொண்டுபோகும் புரதங்கள், ஏ.ஆர்.ஆர். வகையில் பி பிரிவு என்பார்கள், அவை வுஷெல் என்ற மரபணுவின் முன்பகுதியில் நேராகப் போய் உட்கார்ந்து அதை இயக்குகின்றன. வுஷெல் எந்தச் செல்களில் விழித்ததோ அங்கேதான் குருத்து நுனி கட்டப்படுகிறது. 2017இல் வந்த வேலை இது. அதிலேயே இன்னொன்றும் தெரிந்தது, அந்த மரபணுவின் மேல் போட்டிருக்கும் பூட்டு, அதாவது டி.என்.ஏ.வும் புரதமும் சேர்ந்த குரோமாட்டினில் இருக்கும் அடக்கும் குறிகள், படிப்படியாகக் கழன்ற பிறகுதான் இயக்கமே நடக்கிறது. அதனால்தான் குருத்துக்கு நாள் எடுக்கிறது. சைட்டோகைனின் ஊற்றிய மறுநாள் பச்சைப் புள்ளி தேடுவதில் அர்த்தமில்லை.

விகிதம் பற்றி யாருக்காவது இன்னும் சந்தேகம் இருந்தால் நான் காட்டுவது ஹார்மோனே ஊற்றாத ஒரு சோதனையை. அக்ரோபாக்டீரியம் டியூமிஃபேசியன்ஸ் என்ற மண் பாக்டீரியா செடியில் கட்டி உண்டாக்கும். தன் டி.என்.ஏ.வில் ஒரு துண்டைச் செடியின் செல்லுக்குள் செருகிவிடும்; அந்தத் துண்டில் ஆக்சின் செய்ய இரண்டு மரபணு, சைட்டோகைனின் செய்ய ஒரு மரபணு. இரண்டும் சேர்ந்து ஓடுவதால் கட்டி வெறும் கேலஸாகப் பெருக்கிறது. ஆக்சின் மரபணுவைக் கெடுத்துவிட்டால் புகையிலையில் அந்தக் கட்டியிலிருந்து குருத்தாக வருகிறது. சைட்டோகைனின் மரபணுவைக் கெடுத்தால் வேராக வருகிறது. 1983இல் அகியோஷியும் மற்றவர்களும் அந்தக் கட்டிகளுக்குள் ஹார்மோன் அளவையே அளந்து, விகிதம் அப்படித்தான் சாய்ந்திருக்கிறது என்று காட்டினார்கள். ஸ்கூக்கும் மில்லரும் குடுவையில் கலந்து செய்ததை பாக்டீரியா செல்லுக்குள்ளேயே செய்துவிடுகிறது.

இதிலேயே இந்த முறையின் எல்லையும் அடங்கியிருக்கிறது. செல் தானே ஹார்மோன் செய்துகொள்ள முடியும் என்றால் நம் லேபிளுக்கு மதிப்பு குறைகிறது. புகையிலைப் பித் சொன்னபடி கேட்பதற்குக் காரணமே அது தன் கையிருப்பாக அதிகம் வைத்துக்கொள்வதில்லை என்பதுதான் என்று நினைக்கிறேன். அதே புகையிலைக் கேலஸையே பல முறை மாற்றி மாற்றி வளர்த்துக்கொண்டே போனால் சில சமயம் அது சைட்டோகைனின் கொடுக்காமலே வளரப் பழகிவிடும். அப்புறம் பழைய மூன்று எண்களை வைத்துக்கொண்டு அதனிடம் ஒன்றும் நடக்காது. நெல், கோதுமை போன்றவற்றில் இந்த அட்டவணையை அப்படியே வைத்தால் பெரும்பாலும் ஏமாற்றம்தான், அங்கே எந்தத் திசுவை எந்த வயதில் எடுத்தோம் என்பது விகிதத்தை விடப் பெரிய விஷயம். ஆகவே புது ரகம், புதுத் திசு என்றால் நான் யாருடைய எண்ணையும் அப்படியே எடுப்பதில்லை, மூன்று ஆக்சின் அளவு, நாலு சைட்டோகைனின் அளவு என்று பன்னிரண்டு கட்டம் போட்டுப் பார்த்துவிடுவேன். இரண்டு லிட்டர் மீடியம் செலவு, ஒரு மாதம் காத்திருப்பு.

வேர் வந்த அந்த ஆறு பாட்டிலை என்ன செய்தோம் என்று கேட்கலாம். தூக்கிப் போட மனம் வரவில்லை. கட்டிகளை வேரோடு எடுத்துச் சரியான குருத்து மீடியத்தில் வைத்தோம். வந்துவிட்ட வேர் எதுவும் குருத்தாகவில்லை, வேர் வேராகவே இருந்து பழுப்பானது. ஆனால் அதன் பக்கத்தில் இருந்த கேலஸில் புதிதாகக் குருத்துகள் கிளம்பின. ஒரே கட்டியில் ஒரு பக்கம் வேர், ஒரு பக்கம் குருத்து, பார்க்க முழுச் செடி மாதிரியே இருந்தது. ஒரு மாணவர் அப்படியே எடுத்துத் தொட்டியில் வைத்துவிட்டார், நாலே நாளில் வாடிவிட்டது. அந்த வேருக்கும் அந்தக் குருத்துக்கும் நடுவில் நீர் போகும் குழாயே கிடையாது, இரண்டும் தனித்தனியாகக் கட்டியில் முளைத்தவை.

மற்றதையெல்லாம் வழக்கமான முறையில் செய்தோம். குருத்து இரண்டு செ.மீ. வளர்ந்ததும் கேலஸ் ஒட்டாமல் அடியில் நறுக்கி, உப்பைப் பாதியாக்கிய மீடியத்தில், ஹார்மோன் எதுவும் சேர்க்காமல் நட்டோம். ஐ.ஏ.ஏ. எங்கே சார் என்று கேட்டார்கள். குருத்து நுனி தானே செய்து கீழே அனுப்பிக்கொள்ளும், புகையிலைக்கு அது போதும் என்றேன். பத்துப் பன்னிரண்டு நாளில் வெட்டிய அடியில் வேர் வந்துவிட்டது, இந்த முறை தண்டோடு சேர்ந்து.